கொக்கி யார் கையில்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வந்துகொண்டிருந்த பையன். கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு காலனி. பிளஸ் டூ முடித்ததும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்று மாதம் ஆகிறது.

"அண்ணா, கம்பி வேலையில சேர்ந்துட்டேன். தினமும் வேலை இருக்கு, கூலியும் ஒழுங்கா வருது. ஆனா சுமக்க மட்டும்தான் விடுறாங்க. எனக்கு அப்புறம் வந்த பையன் கட்டவே ஆரம்பிச்சிட்டான்."

"அந்தப் பையன் மேஸ்திரிக்கு என்ன வேணும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான், "தங்கச்சி மகன்ணா."

நான் எம்.ஏ. சமூகவியல் படித்தவன், களப்பணி செய்கிறவன் என்றுதான் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒன்றே முக்கால் வருடம் நான் சென்னையில் கம்பி கட்டியிருக்கிறேன். அவன் கேட்ட கேள்வி எனக்குப் புதிதல்ல. அவனுக்குப் போனில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

2006 ஜூனில் கோயம்பேட்டில் இறங்கினேன். பதினெட்டு வயது. கையில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, மார்க் ஷீட் நகல். எங்கள் காலனி ஆள் ஒருவர் மேடவாக்கம் பக்கம் தங்கியிருந்தார். அவரோடு போய் ஒட்டிக்கொண்டேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர் என்னைக் கூட்டு ரோட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே நூறு, நூற்றைம்பது பேர் நிற்போம். பைக்கில் யாராவது வந்து நின்றால் எல்லாரும் போய்ச் சூழ்ந்துகொள்வோம். "ரெண்டு பேரு, மண்ணு அள்ளணும்." "ஒரு ஆளு, பழைய செவுரு இடிக்கணும்." எட்டு மணிக்கு மேல் நிற்கிறவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

மூன்று வாரம் அப்படி நின்றேன். கிடைத்த நாளில் கூலி குறைவில்லை. ஆனால் ஒரு நாள் மண், ஒரு நாள் செங்கல், ஒரு நாள் செப்டிக் டேங்க் குழி. யாரோ ஒருவர், ஏதோ ஒரு வேலை, சாயங்காலம் காசு. மறுநாள் அவரைப் பார்க்கப் போவதில்லை. அப்போது எனக்கு இது புரியவில்லை. கூட்டு ரோட்டில் ஆளின் உடம்பைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒருவர் நமக்குத் தொழில் சொல்லித்தர வேண்டுமென்றால் நாளைக்கும் நாம் அவரிடம் இருப்போம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரே ஆள் பத்து நாள் தொடர்ந்து நம்மைப் பார்க்கிற இடத்தில்தான் கற்பது தொடங்க முடியும். அதனால் நிலையான வேலை முதலில், தொழில் அதற்குப் பிறகு.

கம்பி வேலையில் நிலையான வேலை என்பது தனிக் கணக்கு. ஒரு வீட்டுக்கு அஸ்திவாரத்தில் ஜல்லடை மாதிரி கம்பி கட்டி, அதன் மேல் காலம் நிறுத்த மூன்று நாள் போதும். அப்புறம் கான்கிரீட் போடுவார்கள், கொத்தனார் வருவார், மண் நிரப்புவார்கள். அடுத்து பீம் கட்டக் கூப்பிடும்வரை நமக்கு அங்கே வேலை இல்லை. ரூஃபுக்கும் அதேதான். சென்ட்ரிங் ஆட்கள் பலகை அடித்து முடித்தால்தான் நாம் மேலே ஏறலாம். இரண்டு மூன்று நாளில் கட்டி முடித்து இறங்க வேண்டும். ஆக, ஒரே ஒரு வீடு வைத்திருக்கும் மேஸ்திரியிடம் சேர்ந்தால் மாதத்தில் பாதி நாள் சும்மா இருக்க வேண்டும். நான்கு வீடு வைத்திருப்பவர் ஆட்களைச் சுற்றிச் சுற்றி அனுப்புவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் குறையும். அதனால் மேஸ்திரியிடம் கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை சைட் ஓடுகிறது என்று கேட்க வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

நான் சேர்ந்த மேஸ்திரிக்கு நான்கு சைட் இருந்தது. எங்கள் ஊருக்கு ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிற ஊர்க்காரர். அந்த நெருக்கத்தால்தான் வேலை கிடைத்தது. அதே நெருக்கத்தால்தான் அவர் என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொண்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். "யாரு வூட்டுப் பையன்?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். "ஓ, காலனியா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. "காலையில ஏழு மணிக்கு வந்துடு. நூத்தி இருவது ரூவா" என்றார்.

சென்னையில் எனக்குத் தனி டம்ளர் கிடையாது. டீக்கடையில் எல்லாரும் ஒரே கண்ணாடி கிளாஸில்தான் குடித்தோம். ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில் அதைத்தான் பெருமையாக எழுதினேன். சாதி இங்கே எங்கே இருக்கிறது என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அது கொக்கியில் இருந்தது.

கொக்கி என்பது ஒரு சாண் நீளத்துக்கு ஒரு இரும்பு. நுனி வளைந்திருக்கும், பிடிக்கிற இடத்தில் கைப்பிடி. கம்பியும் கம்பியும் குறுக்கே சந்திக்கும் இடத்தில் கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்து அடியில் விட்டு, மடிப்பில் கொக்கியை மாட்டி, நுனியோடு சேர்த்து ஒன்றரை அல்லது இரண்டு சுற்று முறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினால் கம்பி அறுந்துவிடும். குறைவாக முறுக்கினால் கான்கிரீட் கொட்டும்போது கம்பி நகர்ந்துவிடும். பார்ப்பதற்கு அரை நிமிட வேலை. கை பழக ஆயிரக்கணக்கான முடிச்சு போட வேண்டும். அந்த ஆயிரம் முடிச்சைப் போட யாருக்கு நேரம் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எனக்குத் தந்த வேலை சுமப்பது. லாரியிலிருந்து இறக்குவது, மடித்து வரும் கம்பியை நிமிர்த்துவது, மேலே ஏற்றுவது. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள 12 எம்.எம். கம்பி ஒன்று பத்தரை கிலோவுக்கு மேல் இருக்கும். 20 எம்.எம். என்றால் கிட்டத்தட்ட முப்பது கிலோ. தோளில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு தூக்குவோம். துருவும் வெயிலும் சேர்ந்து தோள் தோலை உரித்துவிடும். நான் சேர்ந்து ஒரு மாதம் கழித்து மேஸ்திரியின் சொந்தக்காரப் பையன் வந்தான். என் வயதுதான். இரண்டாவது வாரமே அவன் கையில் கொக்கி. நான் நான்காவது மாதமும் சுமந்துகொண்டிருந்தேன்.

இதில் மேஸ்திரி திட்டம் போட்டுச் செய்த சதி எதுவும் இல்லை. இதைச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். நாங்கள் கட்டி முடிக்காத வீட்டிலேயே தங்கினோம். மேஸ்திரியும் அவர் ஆட்களும் ஒரு அடுப்பு. நானும் இன்னும் இரண்டு காலனிப் பையன்களும் வேறு அடுப்பு. யாரும் "தள்ளிப் போ" என்று சொல்லவில்லை. முதல் நாளே அப்படிப் பிரிந்து உட்கார்ந்தோம், அப்படியே இருந்துவிட்டோம். ராத்திரி சாப்பிட்ட பிறகு மேஸ்திரி டிராயிங்கை விரித்து வைத்து நாளைய வேலையைச் சொல்வார். எங்கே எத்தனை கம்பி, எந்த பீமில் ரிங் நெருக்கம், எங்கே லேப் விட வேண்டும், எல்லாம் அந்த அடுப்பின் பக்கத்தில்தான் பேசப்பட்டது. அந்தப் பையன் சோறு தின்றுகொண்டே தொழில் கற்றான். நான் காலையில் போய், "இதைத் தூக்கு, அங்கே வை" என்பதை மட்டும் கேட்டேன். வேலையிடத்தில் கற்பது என்று நாம் சொல்வதில் பாதி, வேலை நேரத்தில் நடப்பதில்லை.

எனக்குச் சொல்லித்தந்தவர் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். ஐம்பது வயதுக்கு மேல். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவார். தமிழ் பாதி, தெலுங்கு பாதி. அவர் என் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பதிலை வைத்து அவர் எதையும் முடிவு செய்திருக்க முடியாது. எங்கள் ஊரின் வரைபடம் அவர் தலையில் இல்லை.

முதல் நாள் மத்தியானம் ஒரு கம்பியை எடுக்கப் போனேன். "சூடு, சூடு" என்றார். வெயிலில் கிடந்த கம்பி, சுடும் என்கிறார் என்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். தெலுங்கில் 'சூடு' என்றால் 'பார்'. அன்றைக்குப் பார்க்கச் சொன்னது, ரிங் வளைப்பதை.

ரிங் என்றால் பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றி மாட்டும் செவ்வக வளையம். பலகையில் முளை அடித்து, எட்டு எம்.எம். கம்பியைச் சாவி போட்டு வளைப்பார்கள். நான் கணக்குப் பாடத்தில் நல்ல மார்க் எடுத்தவன். மேஸ்திரி ஒரு நாள் காதுபட, "ஒம்போதுக்குப் பன்னெண்டு பீமு, ஒரு முழுக் கம்பியில எத்தனை ரிங் வரும்?" என்று பொதுவாகக் கேட்டார். ஒரு ரிங்குக்கு முப்பத்தாறரை அங்குலம் வெட்டுகிறார்கள் என்று பார்த்திருந்தேன். முழுக் கம்பி நாற்பது அடி என்று எல்லாரும் சொல்வார்கள். 480 அங்குலம். வகுத்தேன். "பதிமூணு" என்றேன். வெட்டினார்கள். பன்னிரண்டு வந்தது. பதிமூன்றாவது துண்டு இரண்டு அங்குலம் குட்டை. எல்லாரும் சிரித்தார்கள். "பிளஸ் டூ" என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் டேப்பைக் கொடுத்து முழுக் கம்பியை அளக்கச் சொன்னார். 39 அடி 4 அங்குலம். கம்பெனியிலிருந்து வருவது பன்னிரண்டு மீட்டர்தான். நாற்பது அடி என்பது வாய்ச்சொல். அந்த எட்டு அங்குலத்தில்தான் என் கணக்கு போனது.

அப்புறம் முப்பத்தாறரை எப்படி வந்தது என்று கரித்துண்டால் தரையில் எழுதிக் காட்டினார். பீம் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம். நான்கு பக்கமும் ஒரு அங்குலம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். ஆகவே ரிங் ஏழுக்குப் பத்து. சுற்றளவு முப்பத்து நான்கு. இரண்டு முனையையும் உள்பக்கமாகச் சாய்த்து மடிக்க மூன்று மூன்று அங்குலம், மொத்தம் நாற்பது. ஆனால் கம்பி ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் நீளும். ஐந்து வளைவுக்கும் சேர்த்து மூன்றரை அங்குலம் கழிக்க வேண்டும். முப்பத்தாறரை.

"இப்ப பதிமூணு எப்படி வரும், செப்பு" என்றார். யோசித்தேன். கால் அங்குலம் குறைத்து முப்பத்தாறேகாலாக வெட்டினால் பதிமூன்றுக்கு 471¼ அங்குலம். கம்பி 472. வந்துவிடும். மடிப்பில் கால் அங்குலம் குறைவதால் ரிங் கெட்டுவிடாது. ஆயிரம் ரிங்குக்குப் பன்னிரண்டு வீதம் வெட்டினால் 84 கம்பி வேண்டும். பதிமூன்று வீதம் வெட்டினால் 77. ஏழு கம்பி, முப்பத்து மூன்று கிலோ இரும்பு மிச்சம்.

மறுநாள் நான் அதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை. பெரியவர் சொல்லவிட்டார். "பிளஸ் டூ கணக்கு போட்டாடு" என்றார். மேஸ்திரி வெட்டிப் பார்த்தார். பதிமூன்று வந்தது. அவர் ஒன்றும் பாராட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து வெட்டுக் கணக்கை என்னிடம் தந்தார். கணக்குப் போட டிராயிங்கைப் பார்க்க வேண்டும். டிராயிங்கைப் பார்க்க ராத்திரி அந்த அடுப்புப் பக்கம் போய் உட்கார வேண்டும். அப்படித்தான் போனேன். பெரியவர் தன்னுடைய பழைய கொக்கி ஒன்றை எனக்குத் தந்தார். ஆறாவது மாதம் என் கூலி நூற்று எண்பது ஆனது.

எப்படிக் கட்டுவது என்பதை எல்லாரும் பார்த்துக் கற்றுவிடலாம். ஏன் அப்படிக் கட்டுகிறோம் என்பதைத்தான் மறைத்து வைக்கிறார்கள், அல்லது அவர்களுக்கே தெரிவதில்லை. ஒரு நாள் சன்ஷேடு கட்டிக்கொண்டிருந்தோம். ரூஃபில் முக்கியமான கம்பி அடியில் வரும் என்று பழகியிருந்ததால் இதிலும் அடியில் போடப் போனேன். பெரியவர் கத்தினார். டீ நேரத்தில் ஒரு பன்னை எடுத்து, ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து, நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தைக் கீழே அமுக்கினார். பன் மேல் பக்கம் பிளந்தது. அப்புறம் அதே பன்னை இரண்டு கிளாஸின் மேல் பாலம்போல் வைத்து நடுவில் அமுக்கினார். அடியில் பிளந்தது. எங்கே பிளக்கிறதோ அங்கே கம்பி. இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கும் ரூஃபுக்கு நடுவில் அடியில். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் மேலே.

மேலே கட்டினால் மட்டும் போதாது. கான்கிரீட் போடுகிற நாளில் பத்துப் பேர் அந்தக் கம்பி மேலேயே மிதித்து நடப்பார்கள். அடியில் முட்டுக் கொடுக்காவிட்டால் மேல் கம்பி அமுங்கிக் கீழே போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சென்ட்ரிங் பிரித்த பிறகு சுவரை ஒட்டி மேல் பக்கம் நீளமாக ஒரு விரிசல் வரும். சில சமயம் அதுவும் வராமல் ஒரேயடியாக விழும். நீங்கள் ஏதாவது பழைய கட்டிடத்தில் கூரையின் அடியில் கோடு கோடாகத் துரு தெரிவதையோ, பொக்கையாகக் கான்கிரீட் விழுந்து கம்பி தெரிவதையோ பார்த்திருப்பீர்கள். அங்கே பல சமயம் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகை மேலேயே கிடத்தியிருப்பார்கள். அடியில் இருபது மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டிய இடத்தில் ஐந்து மூடியிருக்கும். ஈரம் போய்விடும், கம்பி துருப்பிடித்து ஊதும், கான்கிரீட்டைத் தள்ளிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சுமை தூக்கிய நான்கு மாதமும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நான் சுமந்த கம்பி எங்கே போகிறது, ஏன் போகிறது என்று அதுவரை எனக்கு யாருமே சொன்னதில்லை.

இதுவரை எழுதியதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். கைதட்டுவார்கள். அடுத்ததை எங்கேயும் சொன்னதில்லை.

அதே சைட்டில் ஒரு அக்கா சித்தாளாக இருந்தார். திருவண்ணாமலை பக்கம், எங்கள் மாதிரியே காலனிதான். கொத்தனாருக்குக் கலவை தூக்குவார், எங்களுக்கு ஆள் பற்றாத நாளில் கம்பியும் தூக்குவார். ஒன்பது வருடமாக அதே வேலை. கம்பியைத் தொட்டே பத்தா, பன்னிரண்டா என்று சொல்லிவிடுவார். கவர் பிளாக் விட்டுப்போன இடத்தைக் கீழே நின்றே பார்த்துச் சொல்வார். மேஸ்திரி இல்லாத நேரத்தில் ஒருமுறை என் கொக்கியை வாங்கி நான்கு முடிச்சு போட்டார். என் முடிச்சைவிட நன்றாக இருந்தது.

ஒரு நாள் நான் தரையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கும் அந்தக் கணக்கச் சொல்லிக் குடேன்."

நான் சிரித்தேன். "உனக்கு எதுக்குக்கா? கத்துக்கிட்டாலும் உன்னை யாரு கட்ட விடப் போறாங்க?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை.

நான் சொன்னது உண்மைதான். அவரை யாரும் கட்ட விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் என் மேஸ்திரி என்னைப் பற்றி நினைத்ததும் அதேதானே? அவரும் என்னை வெறுக்கவில்லை. இவனுக்கு எதற்கு என்று நினைத்தார், அவ்வளவுதான். ஆண்கள் உதவியாளாக வந்து சில வருடத்தில் கொத்தனாராகவோ கம்பி கட்டுபவராகவோ ஆகிறார்கள். பெண்கள் சித்தாளாக வந்து சித்தாளாகவே வயதாகி வெளியே போகிறார்கள். எம்.ஏ. ஆய்வுக்காக நான் சைட் சைட்டாகப் போனபோது இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆய்வறிக்கையில் நன்றாகவே எழுதினேன். அந்த அக்காவைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதினால் நான் சொன்ன வாக்கியத்தையும் எழுத வேண்டியிருந்திருக்கும்.

1996இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தைப் படித்ததும் அப்போதுதான். கட்டிடச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கிறார்கள் என்று நான் கம்பி கட்டிய காலத்தில் எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1994இல், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. நாங்கள் இருபது பேரில் ஒருவர்கூட அட்டை வைத்திருக்கவில்லை. என்னோடு சுமந்த பையன் ஒருவன் முதல் மாடியிலிருந்து விழுந்து கால் உடைந்தபோது, அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்குக் காகிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அவன் பெயர் மேஸ்திரியின் நோட்டில் மட்டும்தான் இருந்தது. அந்த நோட்டு மேஸ்திரியின் பையில் இருந்தது.

என்னைக் காப்பாற்றியதும் ஒரு நோட்டுதான். எங்களுக்குச் சனிக்கிழமை செலவுக்காசு மட்டும் தருவார்கள். மீதியைப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கணக்குப் பார்த்துத் தருவதாக ஏற்பாடு. நான் தினமும் தேதி, எந்த சைட், முழு நாளா அரை நாளா, வாங்கிய காசு எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். முதல் பொங்கலுக்கு மேஸ்திரியின் கணக்கில் பதினோரு நாள் குறைந்தது. என் நோட்டை எடுத்துத் தேதி தேதியாகச் சொன்னேன். எந்த நாளில் எந்த வீட்டில் என்ன கட்டினோம் என்பதும் அதில் இருந்தது. அவர் முகம் மாறியது, ஆனால் பணத்தைத் தந்தார். நோட்டு இல்லாத இரண்டு பையன்களுக்கு அவர் சொன்னதுதான் கணக்கு.

அதனால் போனில் அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். தினமும் நோட்டில் எழுது. பதினெட்டு முடிந்துவிட்டது, பன்னிரண்டு மாதத்தில் தொண்ணூறு நாள் கட்டிட வேலை செய்திருந்தால் வாரியத்தில் பதியலாம், அதற்கும் அந்த நோட்டு உதவும். சொந்தமாக ஒரு கொக்கியும் ஒரு டேப்பும் வாங்கிக்கொள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாள் கூலிகூட ஆகாது. அடுத்தவன் கொக்கியை வைக்கும்வரை காத்திருந்தால் அவன் வைக்கவே மாட்டான். மத்தியானம் வெட்டுத் துண்டுகளைக் குறுக்கே வைத்துக் கட்டிப் பழகு, பிடித்து ஆட்டிப் பார், ஆடாமல் இருந்தால் சரி. சைட்டில் வேறு ஊர்க்காரர், வேறு மொழிக்காரர் யாராவது நன்றாக வேலை தெரிந்தவர் இருந்தால் அவரோடு உட்கார்ந்து சாப்பிடு. ராத்திரி டிராயிங்கை எங்கே விரிக்கிறார்கள் என்று பார்த்து அங்கே போய் நில். போகச் சொன்னால் எழுந்து வா, மறுநாள் மறுபடியும் போ. ஆறு மாதம் ஆகியும் சுமக்கத்தான் விடுகிறார்கள் என்றால் மேஸ்திரியை மாற்று. மாற்றும்போது எத்தனை சைட் என்று கேள்.

அவன் எல்லாவற்றுக்கும் "சரிண்ணா, சரிண்ணா" என்றான்.

"உன் சைட்டுல அக்காங்க எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"நாலு பேருண்ணா. ஏன்?"

"கொக்கி வாங்குறப்போ ரெண்டா வாங்கு. மத்தியானம் நீ கட்டிப் பழகுறப்போ அவங்ககிட்டயும் கேளு, யாருக்காவது கத்துக்கணுமான்னு."

"சிரிப்பாங்கண்ணா."

"சிரிக்கட்டும்" என்றேன். "நீ சிரிக்காத."